என் மகளிடம் நான் கேட்ட கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம். சேதி இதுதான்: என் மகளின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நேற்று முடிந்தது. தேறிவிட்டாள். நான் அங்கே இருந்தும் தேறிவிட்டாள்.

ஈரச் சுவரில் பூஞ்சை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வெவ்வேறு பெயின்ட் அடித்த சிமென்ட் வில்லைகளை மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, உள்ளே ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்தி, எதில் முதலில் பூஞ்சை தெரிகிறது என்று பார்ப்பாள். நம் வீட்டில் பூஞ்சை பிடித்தால் நாம் அழுவோம். அவள் வில்லையில் பிடிக்காவிட்டால் அவள் அழுவாள். மின்சாரம் போய் ஒரு பெட்டி கெட்டால் மாதக்கணக்கான வேலை போச்சு. "நான் இதுக்கு லாயக்கே இல்லப்பா" என்று மடிக்கணினியை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள், அதுவும் ஆராய்ச்சியா சோகமா என்று எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை சமையலை ஏற்றுக்கொண்டார். விடுமுறை நாளிலும் பெட்டிகளைப் பார்க்க அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். நானும் என் மனைவியும் செய்த உதவி ஒன்றே ஒன்று: எப்போது முடியும் என்று கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை. மாப்பிள்ளையின் சமையலைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

நேற்று அரங்கில் அவள் திரையில் படம் போட்டு நன்றாகவே பேசினாள். வெளியூர்த் தேர்வாளர் முன்வரிசையில் ஆய்வேட்டைப் பிரித்து வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. அந்தப் புள்ளிவிவரச் சோதனையை ஏன் தேர்ந்தெடுத்தாய், வில்லைகளின் எண்ணிக்கை போதுமா என்று துருவினார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவளுடைய ஆய்வு நெறியாளர் எழுந்து, இது பொதுவில் நடக்கும் தேர்வு, வந்திருப்பவர்களும் கேட்கலாம் என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார். நான் ஆயுள் முழுக்க வகுப்பெடுத்தவன். பாடம் முடிந்து யாரும் கேள்வி கேட்காவிட்டால் அது அவமானம் என்று நினைப்பவன். சுலபமாக ஒன்று கேட்போம், பிள்ளை பளிச்சென்று பதில் சொல்லட்டும் என்று எழுந்துவிட்டேன் அக்கா. பெட்டியில ஈரம் ஒரே மாதிரி இருக்கு, வீட்ல ஆளுங்க குளிப்பாங்க, துணி காயப்போடுவாங்க, ஈரம் ஏறி இறங்கும், அப்பவும் உன் கணக்கு சரியா வருமா என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"தெரியாது," என்றாள் என் மகள்.

தெரியாது என்று சொன்ன எத்தனை பிள்ளைகளை நான் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன்! அவளோ நிறுத்தவில்லை. என் முடிவுகள் மாறாத ஈரத்துக்கு மட்டும்தான் பொருந்தும், ஏறி இறங்கினால் பூஞ்சை மெதுவாகப் பிடிக்கும் என்பது என் ஊகம், ஊகத்துக்கு என்னிடம் ஆதாரம் இல்லை, இதே வில்லைகளைத் தினமும் நனைத்தும் உலர்த்தியும் பார்த்தால்தான் தெரியும் என்றாள்.

எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் மாப்பிள்ளை செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷம் வாயைக் கட்டிட்டு இருந்தீங்களே, இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா?" என்றாள் என் மனைவி. மகள் என்னைத் தாண்டிப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம், சிறு திருத்தம் மட்டும் என்று நெறியாளர் வாசித்தார். பிறகு தேர்வாளர் அவளிடம் சொன்னார்: இதே கேள்வியைத்தான் என் எழுத்தறிக்கையில் கேட்டிருந்தேன், நீங்கள் இரண்டு பக்கம் பதில் எழுதி அதைச் சுற்றிக்கொண்டு போனீர்கள், இன்று ஒரே வார்த்தையில் நேராகச் சொன்னீர்கள், அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதுங்கள். தெரியாததற்கு மதிப்பெண் தருகிறார்கள் அக்கா! நான் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. மகள் வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், சிரித்தாள், பிறகு கிள்ளினாள்.

எப்படியோ ஆராய்ச்சி முடிந்தது. வீடு இனி வீடாக இருக்கும். நீ அவளை டாக்டர் என்றே கூப்பிடலாம். உங்கள் இருவர் ஆசியும் அவளுக்கு எப்போதும் வேண்டும்.

அன்புடன்,
உன் தம்பி

பி.கு.: மகள் இதைப் படித்துவிட்டாள். திருத்திய பிரதியை ஒப்புக்கொண்டு பல்கலைக்கழகம் முறைப்படி அறிவிக்கும்வரை டாக்டர் என்று யாரும் கூப்பிடக் கூடாதாம். ஆராய்ச்சியும் முடியவில்லையாம். என் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத் தேர்வாளர் தன் ஆய்வகத்துக்கே அழைத்திருக்கிறார், அவளும் சரி என்றுவிட்டாள். அங்கே போகுமுன் சோதித்துப் பார்க்க மனிதர்கள் புழங்கும் ஈரமான அறை ஒன்று வேண்டுமாம். எங்கள் குளியலறையில் இன்று காலை வில்லைகளை மாட்டியாயிற்று. நீங்கள் தாராளமாக வரலாம், குளிக்கவும் செய்யலாம். எப்போது, எவ்வளவு நேரம் என்பதை அவள் சொல்வாள்.