அந்தோணியின் கடைக்கு நான் கொடுத்த போர்டு

எனக்கு வாயால் வாழ்த்தத் தெரியாது. நாலு பேர் முன்னால் "நல்லா இருடா" என்று சொல்வதற்குள் காது சிவந்துவிடும். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் பொருளாக வாங்கிக் கொடுத்துவிடுவேன். அப்படி வாங்கியதில் ஒன்றுதான் என் சிநேகிதன் அந்தோணியின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

அந்தோணி தேயிலைத் தோட்டத்தில் வேலை வேண்டாம் என்று பேரை வெட்டிக்கொண்டு, கொட்டகலை பஜாரில் தையல் கடை போட்டான். கடை என்பது ஒரு பேச்சுக்கு. ரொட்டிக் கடையை ஒட்டி, ஐந்தடி அகலத்தில் ஒரு சந்து. அதில் ஒரு மிதி மெஷின், ஒரு முக்காலி, ஓர் அந்தோணி. நான் அப்போது தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து நிறுப்பவன். (அளந்து பிழைக்கிறவன். கடை வாசலை மட்டும் அளக்கத் தோன்றவில்லை.)

பக்கத்து டவுனான ஹட்டனில் சொல்லி எட்டடி நீளத்தில் ஒரு பெயர்ப் பலகை எழுத வைத்தேன். அந்தோணியின் பெயர் மட்டும் மொட்டையாக இருந்ததால், கீழே என் சொந்த மூளையில் உதித்ததையும் சிவப்பில் எழுதச் சொன்னேன்: "காலையில் கொடுத்தால் மாலையில் தைத்துத் தரப்படும்." அவனுக்கு ஓர் உற்சாகமாக இருக்கட்டுமே!

பஸ் கூரையில் அது வந்து இறங்கியபோது அந்தோணி அதை இரண்டு முறை சுற்றி வந்தான். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் சுற்றுகிறான் என்று நினைத்தேன்.

"மச்சான், நல்லாத்தான் இருக்கு..." என்று இழுத்தான். அவன் மனைவி ரீத்தா பலகையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணே, இதுக்குள்ள நாங்க குடியிருக்கலாம் போல இருக்கே" என்றாள்.

மேலே மாட்டினால் ரொட்டிக் கடையின் பெயர் மறைந்தது. உள்ளே வைத்தால் மெஷினை மிதிக்க இடமில்லை. கடைசியில் வாசலில் சாய்த்து வைத்தோம். வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழைய வேண்டும். சிநேகிதன் மனம் நோகும் என்று அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அது தீபாவளிக்கு முந்தின வாரம். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்த மறுநாள் பஜாரே நிரம்பிவிடும். காலையிலேயே பதினேழு ரவிக்கைத் துணி வந்து விழுந்தது. வெட்டி, கை வைத்து, கொக்கி போட்டு முடிக்க ஒரு நாளைக்கு நாலு ரவிக்கைதான் ஓடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தோணி வாய் திறக்குமுன் எல்லாரும் போர்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவசரமாக மிதித்ததில், மத்தியானம் மெஷின் ஊசி முறிந்தது. அவனிடம் இருந்ததே அந்த ஒன்றுதான்; வேறு வாங்க ஹட்டனுக்குத்தான் போக வேண்டும்.

"இம்மாம் பெரிய பலகைக்குப் பதிலா நாலு ஊசி வாங்கியாந்திருந்தா என்னண்ணே?" என்றாள் ரீத்தா. பரிகாரமாக, ஒரு ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு கைஊசியால் கொக்கி தைக்க உட்கார்ந்தேன்.

மாலையில் பெண்கள் வந்துவிட்டார்கள். தைத்து முடிந்தவை மூன்று.

"என்னா டைலரு, எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் முன்னால் நின்ற அம்மா. "துணியக் குடு. ஹட்டன்லயே தைச்சுக்கிறோம்."

அந்தோணியின் முகம் செத்துப்போனது. இந்தத் தீபாவளித் துணி கைவிட்டுப் போனால், மறுபடி தோட்டத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டியதுதான். குற்றம் என்னுடையது என்று சொல்லிவிட, வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் எழுந்தேன். ரவிக்கையும் என்னோடு எழுந்தது. கொக்கியை ரவிக்கையோடும் என் கால்சட்டையோடும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்!

"ஐயோ, அது என் ரவிக்கை!" என்று அந்த அம்மா கத்தினார். இழுத்தார். நானும் கூடவே போனேன். அப்புறம் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தோணி பலகையைத் திருப்பி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னான்: "தாயி, ஒரு நாளைக்கு நாலுதான் முடியும். தீபாவளிக்கு முன்னால எல்லாத்தையும் குடுத்துடுறேன்." சிரித்ததில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே துணியை விட்டுவிட்டுப் போனார்கள்.

"இனிமே என்னா வேணும்னு கேட்டுட்டு வாங்குங்கண்ணே" என்றாள் ரீத்தா. கேட்டேன். மறுநாள் காலையிலேயே வாங்கி வந்தேன்: மெஷின் ஊசி ஒரு பாக்கெட், எண்ணெய் ஒரு போத்தல். இரண்டும் மெஷின் இழுப்பறையில் அடங்கின. அதோடு எனக்கொரு கால்சட்டை தைக்கத் துணியும் கொடுத்து, அவனுக்குப் பாரமாக இருக்கக்கூடாதே என்று, "அவசரமே இல்லடா. வேலை இல்லாத நாள்ல தைச்சுக் குடு" என்றேன். அன்றுதான் அவன் என் பரிசுக்கு மனசாரச் சிரித்தான்.

இப்போது அவனுக்கு மூன்று மெஷின், பஜாரில் பெரிய கடை. ஒவ்வொரு தீபாவளிக்கும் என் பிள்ளைகள், "அப்பா, உங்க கால்சட்டை வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு அவன் எடுத்த அளவுக்குள் இப்போது என் ஒரு கால்தான் நுழையும். நானும் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் படுபாவிக்கு வேலை இல்லாத நாள் இன்னும் வரவில்லையாம்.