எதிர்ப்புக்கு ஒரு கையெழுத்து

ஹென்ரிக் தன் அறைக் கதவைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தான். எகிப்தில், தமியேத்தா நகரத்து அலுவலகமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"கதவு எப்பவும் திறந்தே இருக்கும்னு பத்துத் தடவை சொன்னேன். ஒருத்தரும் உள்ள வரலை. இனி கதவே இல்ல!"

டென்மார்க்காரன். முப்பத்து நாலு வயதில் மேலாளர். அவனுக்கு இருந்த எரிச்சல் நியாயமானதுதான். வாய்க்கால் நீரை இறைக்க முதல் பம்ப் அறையைக் கட்டி முடித்த பிறகு, பம்ப் வாசலுக்குள் நுழையவில்லை. புதுச் சுவரை இடித்தார்கள். வரைபடத்தில் வாசல் சின்னது என்று மூன்று பேருக்கு முன்பே தெரியுமாம்! வரைந்தது மேலாளர் என்பதால் வாய் திறக்கவில்லை. இரண்டாவது அறையிலும் இப்படி ஆனால் ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. அதன் வரைபடம் வியாழக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

அங்கே வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தில் நேராகக் கேட்டான்.

"ஷவ்கி, இதுல என்ன தப்பு?"

அறை திடுக்கிட்டது. ஐம்பத்தெட்டு வயது மனிதரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானே! அமைச்சகத்து ஆட்களே அவரை பாஷ்முஹந்திஸ், அதாவது தலைமைப் பொறியாளர், என்ற பட்டம் இல்லாமல் அழைக்கமாட்டார்கள்.

"நீங்க வரைஞ்சதுல தப்பு ஏது, ஹென்ரிக் பே? வேணும்னா இன்னொரு தடவை நிதானமா பார்க்கலாம்" என்றார் ஷவ்கி, 'ஐயா' என்பதற்கு அங்கே சொல்லும் 'பே'யை விடாமல்.

எகிப்தில் யாராயிருந்தாலும் இதைக் கேட்டதும் தப்பைத் திருத்தப் பென்சிலைத் தேடியிருப்பார்கள். ஹென்ரிக் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

பெரியவர்களால்தான் சின்னவர்கள் வாய் திறப்பதில்லை என்று முடிவு கட்டினான். திங்கட்கிழமை, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான நெர்மீனை முதலில் எழுப்பினான்.

"நீங்க சொல்லுங்க."

நெர்மீன் முகம் சிவந்துவிட்டது. "பாஷ்முஹந்திஸ் ஷவ்கி சொல்றதுதான் சார் என் கருத்தும்."

"அவர் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

"அவர் சொன்னதும், அதுதான் சார் என் கருத்து."

ஷவ்கி தன் ஃபைலை மூடினார். தனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண்ணைக் கேட்டதில் ரத்த அழுத்தம் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹென்ரிக் விடுவானா? சாயங்காலமே இரண்டு கிலோ பஸ்பூஸா என்ற ரவை இனிப்போடு அவர் வீட்டில் போய் நின்று, அண்டை அயலார் பார்க்க மன்னிப்புக் கேட்டான். ஷவ்கிக்கு மானமே போயிற்று.

"மேலதிகாரி என் வாசல்ல வந்து தலை குனியறதா? நான் எந்த முகத்தோட ஆபீசுக்கு வருவேன்?"

மறுநாள் அவர் வந்தார். ஆனால் ஹென்ரிக்கைக் கண்டதும் முன்னைவிட விறைப்பாக எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். கதவில்லாத அறையிலிருந்து அவன் தலை தெரியும்போதெல்லாம் பாவம், எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஹென்ரிக் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஆயுதத்தை எடுத்தான். உத்தரவு போட்டான்: 'ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது என்னை எதிர்த்தே தீரவேண்டும்.'

"எழுத்துல வந்துட்டா நடந்துடும் பே" என்றார் ஷவ்கி. முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. புதன்கிழமை வழக்கம்போல அரபிக் காகிதக் கட்டோடு வந்தார். அரபி படிக்கத் தெரியாத ஹென்ரிக், வழக்கம்போல அவர் விரல் வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை கூட்டத்தில் நெர்மீன் தானாகவே எழுந்தாள். 

"நீங்க போட்டது தப்பு, சார். புது பம்ப் முந்தினதைவிடப் பெருசு. வாசல் இன்னும் நாப்பது சென்டிமீட்டர் அகலமா வேணும்."

ஹென்ரிக் அளந்து பார்த்தான். அம்மாடி! அப்படியே அனுப்பியிருந்தால் இரண்டாவது சுவரும் போயிருக்கும், அவன் வேலையும் போயிருக்கும். வாசலை அகலமாக்கி வரைபடத்தை அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தான். இத்தனை வருஷப் பணிவை ஐந்தே நாளில் உடைத்துவிட்ட பெருமை அவனுக்குத் தாங்கவில்லை.

டீ போடும் சாபிர் மாமா புதினா டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். கையில் ஒரு காகிதம்.

"என்ன மாமா?"

"ஞாயித்துக்கிழமை உங்களை எதிர்க்கிற முறை என்னுது, பே. என்ன சொல்லி எதிர்க்கணும்னு பாஷ்முஹந்திஸ் ஷவ்கி எழுதிக் குடுத்துட்டார். நெர்மீனுக்கு நேத்து அனுமதிக் கையெழுத்துப் போட்டீங்கல்ல, அதே மாதிரி எனக்கும் இங்க ஒண்ணு போட்டுடுங்க."