ஆடாமல் நில், ஜிமிக்கி!

வலது ஜிமிக்கி சமர்த்தாகத் தொங்கியது. இடதுதான் அடம்பிடித்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

யுகேந்திரன் சுங்கை பினாங் பிளாட்டில் இருந்தபடி ஆன்லைனில் கவரிங் நகை விற்பவன். கவரிங் ஜிமிக்கி படத்தில் பல்லிளிக்கிறது என்று, அதே டிசைனில் மாமனார் சின்னையா மகளுக்குப் போட்ட தங்க ஜிமிக்கியை வைத்துப் படமெடுக்க முடிவு செய்தான். நேற்றே இரண்டு ஜோடியையும் மேசையில் பக்கம்பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தான். இன்று வெள்ளைத் துணிக்கு முன்னால் நூல் கட்டித் தொங்கவிட்டாயிற்று. சாயங்காலம் கல்யாணத்துக்கு மனைவி சந்திரிகா போடவேண்டியது அது. கேட்டால் கொடுக்கமாட்டாள், அதனால் கேட்கவில்லை.

காற்றாடியை நிறுத்தினான். அப்போதும் சுழன்றது. ஜிமிக்கிக் குடையின் பின்பக்கம் டேப் ஒட்டினான். நின்றது. படம் பிரமாதம்! தங்கம் தங்கம்தான் என்று மெச்சிக்கொண்டான்.

டேப்பைப் பிய்த்தபோது விளிம்பில் ஒரு கம்பி வளையம் விரிந்து, முத்து ஒன்று எங்கேயோ ஓடிப்போனது.

"ஐயோ, செத்தேன் லா!"

ஜோடி என்றால் ஒன்றுபோல இருக்கவேண்டாமா? மற்றதிலும் அதே இடத்து முத்தைக் கழற்றினான். இரண்டுக்கும் பொக்கை வாய். ஒன்றுவிட்டு ஒன்று கழற்றினால் புது டிசைன் மாதிரி இருக்குமே என்று கழற்றினான். சகிக்கவில்லை. சரி, ஒட்டியே விடலாம் என்று சூப்பர் குளூவை எடுத்தான். பசை குடை முழுக்க அப்பிக்கொண்டது. நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தான். முத்தின் தோல் உரிந்து பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. குடையின் மஞ்சளும் பஞ்சோடு வந்துவிட்டது.

யுகேந்திரன் வாயைப் பிளந்தான். தங்கம் எப்படி உரியும்? பயமெல்லாம் பறந்து, நெஞ்சு கொள்ளாத சந்தோஷம் வந்தது.

உள்ளே வந்த சந்திரிகா அலறினாள். "என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க என் ஜிமிக்கிய?"

"உங்கப்பா லட்சணத்தப் பாரு! தங்கம்னு சொல்லி கவரிங்க தலையில கட்டிட்டாரு!"

"எங்கப்பாவ ஒரு வார்த்தை சொன்னீங்க, நடக்கிறதே வேற!"

யுகேந்திரன் தாசேக் கெலுகோரில் இருக்கும் மாமனாருக்கே போன் போட்டான். "மாமா, பெரியவராச்சேன்னு போலீசுக்குப் போகாம இருக்கேன். புது ஜோடி தங்கத்துல வாங்கிக் குடுத்துருங்க, ஆமா!"

சந்திரிகா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். யுகேந்திரன் மாப்பிள்ளை முறுக்கோடு போனை வைத்தான்.

உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. வாடிக்கைக்காரி நூர்ஜான். பெருமை பொங்க, மனைவியும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டுவிட்டான்.

"யுகேன் அண்ணே, காலைல நீங்க அனுப்புன கவரிங் ஜிமிக்கி கிடைச்சிருச்சு. என்னா கனம்! திருகாணி டைட்டா இருக்குன்னு தட்டார்கிட்ட கொண்டு போனேன், அவரு ஒரசிப் பாத்துட்டு அசல் தங்கம்ங்கிறாரு. அதே விலைக்கு இன்னும் ரெண்டு ஜோடி அனுப்புங்க லா!"