வணக்கத்திலேயே முடிந்த வாழ்த்துரை

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம், தொண்டை மட்டும் கொஞ்சம் நலமில்லை. பள்ளியில் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அம்மா தொலைபேசியில் சொன்னதை நம்ப வேண்டாம்.

திருநாள் விடுமுறைக்கு முந்தைய காலைக் கூட்டத்தில் வாழ்த்துரைக்கு இரண்டே நிமிடம், தாண்டினால் விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதிவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று நன்றாகப் பேசுபவருக்கே ஆண்டு விழா வரவேற்புரை என்று தலைமையாசிரியை அறிவித்தது தெரியாது. எங்கள் வகுப்பில் 'ஒலிபெருக்கி' என்று பெயரெடுத்தவள் முதலில் ஏறினாள். தலைமையாசிரியை, ஆசிரியர்கள், சக மாணவர்கள் என்று எல்லோரையும் ஒரே மூச்சில் விளித்து, ஒரே வணக்கம் வைத்து, திருநாளின் சிறப்பைக் கடகடவென ஒப்பித்து, வாழ்த்தும் கூறி, விசிலுக்கு முன்பே இறங்கிவிட்டாள். போகிற போக்கில், நீங்கள் எழுதிக் கொடுத்த உரை என் கையில் இருப்பதைப் பார்த்து, என் காதருகே, "நாலு பக்கமாடி? ரெண்டாம் பக்கத்தைத் தொட்டாலே பெரிய விஷயம்" என்றாள்.

நான் மேடை ஏறினேன். நீங்கள் சொல்லியிருந்தீர்களே, யாரையும் விட்டுவிடாதே, விடுபட்டவர் வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனி வணக்கம் வைத்தேன். மேடையில் யார் வணக்கம் சொன்னாலும் பள்ளி முழுவதும் இழுத்துப் பதில் சொல்வது எங்கள் வழக்கம். தலைமையாசிரியைக்குச் சொன்னேன், பதில் வந்தது. கணக்கு ஆசிரியைக்கு, மறுபடியும். நூலகருக்கு. தண்ணீர்த் தொட்டி கழுவும் அக்காவுக்கு. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். முதல் வகுப்புப் பிள்ளைகளை அதுவரை எவரும் விளித்ததில்லை போலும், அவர்கள் கத்திய கத்தலில் காகங்கள் பறந்தன. பிறகு ஒவ்வொரு வகுப்பும் முந்தைய வகுப்பைத் தோற்கடிக்கவே கத்தியது. திரும்பினால் விளையாட்டு ஆசிரியர் விசிலை வாயில் வைத்துவிட்டார். சட்டென்று அவருக்கும் ஒரு வணக்கம் சொன்னேன். பதில் சொல்ல விசிலை எடுத்தாக வேண்டுமே, எடுத்தார். அந்த இடைவெளியில் "அனைவருக்கும் இனிய திருநாள் வாழ்த்துகள், நன்றி" என்று முடித்தேன். அப்புறம் அவர் ஊதிய விசில் கைதட்டலில் கேட்கவே இல்லை.

வரவேற்புரை எனக்கே என்றார் தலைமையாசிரியை.

"அவ உரையே பேசலையே மிஸ்" என்றாள் ஒலிபெருக்கி.

"தூங்கி வழியிற கூட்டத்த எழுப்பினா பாரு, வரவேற்புக்கு அதாம்மா வேணும்."

மாமா, வகுப்புவரை என்னைத் தூக்கிக்கொண்டே போனார்கள்.

அத்தைக்குத் தனி வணக்கம், பாப்பாவுக்குத் தனி முத்தம்.

பதில் வணக்கத்தை எதிர்பார்க்கும்,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: என்னால் அன்று கணக்குப் பாடம் பாதி போய்விட்டதாம். இனி மேடையில் பேசுபவர் மொத்தமே ஒரு வணக்கம்தான் சொல்லலாம் என்று இன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஆகவே ஆண்டு விழாவில் நான் நிஜமாகவே பேசியாக வேண்டும். நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தையும் இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கி உடனே அனுப்புங்கள். எதை வெட்டலாம் என்று நானே குறித்து அனுப்பியிருப்பேன், அதற்குள் அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.