மாமிக்குப் பிடிக்காத கப்ஷன்

நிவேதனா பேஸ்புக்கில் கப்ஷனைப் போட்டுத் தேத்தண்ணிக்குக்கூட எழும்பவில்லை, மதுராவின் போன் வந்துவிட்டது.

“நிவே, அந்தத் தோழி எண்ட சொல்லை எடடி. மாமிக்குப் பிடிக்கேல்லை.”

நிவேதனாவுக்கு விளங்கவில்லை. முதல்நாள் இணுவிலில் நடந்த மதுராவின் கலியாணத்தில் அவள்தானே தோழி. வழக்கப்படி மாப்பிள்ளையின் தங்கைதான் பொம்பிளைக்குத் தோழியாக நிற்க வேண்டும். மாப்பிள்ளை கஜானனுக்குக் கூடப்பிறந்த பெண்கள் இல்லை. “நீ நில்லன்” என்று மதுரா கேட்டாள், நின்றாள். மதுராவுக்குக் கூறைச்சேலை மாற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்து மணவறைக்குத் திரும்பக் கூட்டிவந்தாள். அந்தப் படத்தின் மேல்தான் எழுதியிருந்தாள்:

‘ஒரே சைக்கிளில் நல்லூர் ரியூசனுக்குப் போனோம். நீ சோதினையில் பெயில் விட்ட அன்று என் மடியில் அழுதாய். நேற்று உன் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தேன். என்றும் உன் தோழி.’

எழுதி எழுதி அழித்து, அன்றைய வகுப்பையே நிற்பாட்டிவிட்டு எழுதியது. மதுராவை விட்டால் அவளுக்கு வேறு சிநேகிதி கிடையாது. அந்த ஒருத்தியும் இனிக் கனடா போகப்போகிறாள்.

“கனடாச் சனம் கொமென்ற்ஸிலை கேக்குது, கஜானனுக்கு எப்ப தங்கச்சி பிறந்தது எண்டு. மாமிக்கு மானம் போகுதாம்.”

‘சிநேகிதி’ என்று மாற்றினாள். போன் மறுபடி அடித்தது.

“சைக்கிளை ஏன் இழுத்தனி? மருமகள் வீட்டிலை ஒரு சைக்கிளுக்கும் வழியில்லையோ எண்டு மாமி கேக்கிறா.”

“வழி இருக்கேல்லைத்தானே.”

“அதை மாமிக்குச் சொல்லவோ?”

சைக்கிள் நிவேதனாவுடையது. பின்னால் சொகுசாக இருந்து போனவள் மதுரா. சண்டை எதற்கென்று, ‘உன் சைக்கிளில் என்னை ஏற்றிப் போனாய்’ என்று திருத்தினாள். தன் சைக்கிளைத் தானே தாரைவார்த்தாயிற்று.

“கண்டவையையும் டபிள் ஏத்திக்கொண்டு திரிஞ்சவவோ மருமகள் எண்டு இப்ப கேக்கிறா. அதை விடு. அந்தப் பெயிலை முதல்லை மாத்து. நான் முதல்தரமே பாஸ் எண்டுதான் இஞ்சை சொல்லியிருக்கு.”

கண்டவை என்ற சொல் நிவேதனாவுக்குச் சுருக்கென்றது. மாமியார்மார் அப்படித்தான் கதைப்பார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பெயிலையும் தன் தலையில் போட்டாள்: ‘நான் பெயில் விட்ட அன்று உன் மடியில் அழுதேன்.’

அவள் உடுவிலில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. பின்னேரம் ஒரு மாணவியின் தாய், சிவகௌரி அக்கா, நினைவூட்டினார்.

“ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. பெயில் விட்ட ஆளிட்டையோ பிள்ளையை விடுறதெண்டு இவர் யோசிக்கிறார்.”

“அக்கா, நான் பெயில் விடேல்லை. அது சும்மா எழுதினது.”

“சும்மா ஆரும் பெயில் எண்டு எழுதுவினமோ ரீச்சர்?”

இருட்டுவதற்குள் இன்னும் சில பிள்ளைகள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். மதுராவின் போனும் வந்தது.

“நீ திருத்தினாலும் பழையதெல்லாம் எடிற் ஹிஸ்ரறியிலை கிடக்குதடி. சனம் தட்டித் தட்டிப் பாக்குது. முழுசா அழிச்சிட்டுப் புதுசாப் போடு. படத்தையும் கொஞ்சம் வெட்டு. பொம்பிளையை மறைச்சுக்கொண்டு நீ முன்னுக்கு நிக்கிறியாம்.”

“மாமியோ சொன்னவ?”

“வேறை ஆர்?”

அழித்தாள். அத்தனை லைக்கும் வாழ்த்தும் அதோடு போயின. படத்தை வெட்டினாள். வெட்டி முடிய மதுராவின் மணிக்கட்டில் நிவேதனாவின் விரல்கள் மட்டும் மிஞ்சின. மேலே, ‘வாழ்த்துகள் மதுரா’ என்று எழுதி, மதுராவின் பெயரை இணைத்து ராக் பண்ணினாள். மதுரா அந்த ராக்கை ஏற்கவில்லை. ஒரு லைக்கும் போடவில்லை.

நிவேதனா அழுதாள். மதுராவில் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. இப்படிப்பட்ட மாமியிடம் போய் மாட்டுப்பட்டாளே, என்னால் அவளுக்கு இன்னும் எவ்வளவு பேச்சோ என்று கிடந்து வெந்தாள்.

அடுத்த வெள்ளி இணுவில் கந்தசுவாமி கோவிலில் அந்த மாமியே தனியாக எதிர்ப்பட்டார். கஜானனின் தாய் மகாதேவி. நிவேதனா தயங்காமல் கிட்டப் போனாள்.

“மாமி, பேஸ்புக்கிலை நான் எழுதினது பிழைதான். என்னை எவ்வளவும் பேசுங்கோ, மதுராவை மட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ.”

“பேஸ்புக்கோ? என்னட்டை உள்ளது பட்டன் போன் பிள்ளை.”

மகாதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“ஆ, இப்ப பிடிபட்டுது. எங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லையெண்டு, மதுரா பியூட்டி பாலரிலை சொல்லிக் காசுக்குத் தோழியாப் பிடிச்ச பிள்ளையல்லோ நீர்? நம்பரைத் தாரும், என்ரை தங்கச்சியின்ரை மகளுக்கும் உம்மையே பிடிப்பம்.”