பெரியம்மாவின் இரண்டாம் மடலில் முத்தமில்லை

பெருமதிப்பிற்குரிய மருமகனார்க்கு,

பிரெஞ்சு நாட்டில் நீவிரும் என் மகளும் நலம் சூழ வாழ்க என வாழ்த்தி, வாழ்த்தும் தகுதியை இழந்த மாமனார் தலைகுனிந்து வரைவது. தொலைபேசியில் சொல்ல முயன்றேன். ஆயிரவர் முன் முழங்கிய நா எழவில்லை.

உம் பெரியப்பாவை மணந்து, அவர் மறைந்த பின்னும் அங்கேயே தனித்து வாழ்ந்து நம் உறவைப் பேணிவரும் பிரெஞ்சுப் பெரியம்மா, உம் மாமியாருக்குக் கைப்பட ஒரு மடல் எழுதினார். "மாப்பிள்ளைக்கு அனுப்பினா ஒரு நிமிஷத்துல அர்த்தம் சொல்லிடுவாரு" என்றாள் அவள். "எதுக்கு? நான் கத்துக்கிட்ட பிரெஞ்சு என்ன, துருப்பிடிச்சா போச்சு?" என்றேன். துருதான் பிடித்திருந்தது. தடித்த அகராதியோடு அமர்ந்தேன். "பேனாவைக் கையில் எடுக்கிறேன், என் நல்ல தோழியே" என்று அந்தக்கால முறையில் தொடங்கியிருந்தார்; "எழுதுகோல் ஏந்தினேன், ஏந்திழையே!" என்றாக்கினேன். "இந்தப் பழைய எலும்புக்கூடு இன்னும் நடமாடுகிறது" என்ற குறும்பு, என் கையில் "முதுமைப் பகையை வென்று நிற்கிறேன்!" என்று முழங்கிற்று. "உங்களை இறுகக் கட்டிக்கொண்டு ஆயிரம் முத்தமிடும் உங்கள் கிழத்தோழி" என்பது முடிவு. உம் மாமியாரிடம் மட்டும் உள்ளபடி சொல்லிவிட்டு, குடியிருப்போர் கூட்டத்தில் படிக்கவிருந்தமையால், நாணி, "அன்புடன்" எனச் சுருக்கினேன். ஓரத்தில் தாளைத் திருப்பி நெடுக்காக அவர் நுணுக்கி எழுதியிருந்த இரு வரிகளை, அணிவேலை என்றெண்ணி விட்டுவிட்டேன். கூட்டம் கைதட்டியது. நன்றி கூறி எழுதிய மறுமடலும் என் கைவண்ணமே.

சில கிழமைகள் கழித்து இரண்டாம் மடல் வந்தது. நான்கே வரி. முடிவோ, "அம்மையீர், என் மேன்மைமிகு உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டுகிறேன்!" எனக்கு மெய் சிலிர்த்தது. மீண்டும் கூட்டத்தைக் கூட்டி, "கண்டீரோ, நம் குடும்பத்துக்குக் கிட்டிய மதிப்பை!" என்று முழங்கினேன். முன்வரிசையிலிருந்து உம் மாமியார், "அதெல்லாம் இருக்கட்டும், முத்தம் எங்கங்க?" என்றாள். அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இரு மடல்களையும் படம்பிடித்து மகளுக்கு அனுப்பினாள்.

மகள் அழைத்தாள். "அப்பா, அது பேங்குக்கு எழுதுற முடிவு. முன்பின் தெரியாதவங்களுக்குத்தான் அப்படி எழுதுவாங்க. பெரியம்மா உங்களைத் தள்ளி வெச்சுட்டாங்க."

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"ஓரத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'மாடிப்படி ஏற முடியவில்லை, தனிமை பயமாயிருக்கிறது, குளிர்காலம் முடியும்வரை உங்களோடு வந்து தங்கட்டுமா?'ன்னு கேட்டிருக்காங்க. கூச்சப்பட்டு ஓரத்துல கேட்டிருக்காங்கப்பா. நீங்க அதுக்குப் பதிலே சொல்லல."

மருமகனாரே, வாய்விட்டுக் கேட்கக் கூசிய முதியவரின் கேள்விக்குக் கதவடைத்துவிட்டு, அவர் கொண்ட வருத்தத்தை விருதெனத் தூக்கிக்காட்டிக் கைதட்டல் வாங்கியவன் நான். எதிர்வீட்டுத் தையற்காரர் இன்றும் என்னைக் கண்டால் "மேன்மைமிகு ஐயா" என்று வணங்குகிறார். நிலம் பிளந்தால் இறங்கிவிடுவேன். இம்மடலைப் பிரெஞ்சில் ஆக்கி, ஒரு சொல்லும் குறையாது, என் கழுவாயாகப் பெரியம்மாவிடம் படித்தருள்க. இருவரும் எல்லா வளமும் பெறுக.

நாணத்துடன்,
உம் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, பேனாவைப் பிடுங்கி எழுதுறது உங்க அத்தை. இவர் எழுதினதுல ஒரு வரியும் பெரியம்மாகிட்ட படிக்காதீங்க, பாவம், பயந்துடுவாங்க. "கீழ் அறை காலியா இருக்கு, படியே இல்ல, உடனே வாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டுச் சொல்லுங்க.