உள்ளே எத்தனை பேர்?

பூட்டுக் கடைக்காரர் தன் கடையின் சரக்கறைக்குள் தானே மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்டது அவர் கையாலேயே பொருத்திய புத்தம்புது எண் பூட்டு.

கடைத்தெருவில் அவருக்குச் சந்தேகப் புலி என்று பெயர். தன் நிழல் பின்னால் வந்தால்கூட "எதுக்கு வர்றே?" என்று கேட்கிற ரகம். அன்று பெரிய காண்ட்ராக்டர் ஒருவர் கடைக்கு வருவதாக ஏற்பாடு. ஊருக்கு வெளியே எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மொத்தப் பூட்டும் இந்தக் கடையில்தான் எடுக்கலாம் என்று போனில் ஆசை காட்டியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் ஷட்டரை இறக்கிவிட்டு மச்சினனின் பெயிண்ட் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். மச்சினன் அதற்காக ஒரு நாற்காலியே வாங்கி வைத்திருப்பதாக வீட்டம்மா சொன்னாள்.

காண்ட்ராக்டருக்குச் செயல்முறை காட்டத்தான் சரக்கறைக் கதவில் அந்தப் பூட்டைப் பொருத்தினார். தச்சரைக் கூப்பிடவில்லை. தச்சன் கதவில் ஓட்டை போடுகிறவன், நாளைக்கு அந்த ஓட்டை வழியாகவே வந்தால் என்ன செய்வது? தானே செய்தார். அவசரத்தில் உள்பக்கம் வெளிப்பக்கமாகப் போய்விட்டது. எண் பலகை அறைக்குள்ளே, சும்மா திருகினால் திறக்கும் கைப்பிடி வெளியே. பூட்டின் நாக்குச் சரியாக விழுகிறதா என்று பார்க்க உள்ளே நின்று கதவைச் சாத்தினார். கச்சிதமாக விழுந்தது.

ரகசிய எண்ணைக் காலையில்தான் மாற்றியிருந்தார். எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்த மாதிரி இருந்ததால் மறுபடியும் மாற்றினார். இப்போது எந்த எண் கடைசி என்று அவருக்கே குழப்பம். கல்யாண நாளைப் போட்டார், ராசி எண்ணைப் போட்டார். தப்பு எண் பல தடவை போட்டதால், பூட்டு சிவப்பாக மின்னி, கொஞ்ச நேரம் எதையும் ஏற்க மாட்டேன் என்று பீப் அடித்துவிட்டு மௌனமாகிவிட்டது.

போனில் சார்ஜ் குறைவு. வீட்டுக்குப் பேசினால் மச்சினன் வந்து திறப்பான், ஊரெல்லாம் சொல்வான். பூட்டு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்தார். "உதவி பண்ணுங்க" என்று தட்டினார். இன்னும் எழுத நினைத்தபோதே வாசல் மணி கிணுகிணுத்தது. காண்ட்ராக்டர். பதற்றத்தில் விரல் அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டது.

உடனே பதில் வந்தது.

"நான் இருக்கேன். முதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் போட்டாலும் போதும்."

சந்தேகப் புலியின் புருவம் ஏறியது. பூட்டுக் கம்பெனி என்றால் என்ன கேட்க வேண்டும்? எந்த மாடல், எப்போது வாங்கியது, பில் இருக்கிறதா என்று கேட்டு உயிரை எடுக்க வேண்டும். இவர்கள் என்ன, பாதுகாப்பா என்கிறார்கள்?

"எதுக்குக் கேக்கறீங்க?" என்று எழுதினார்.

"வெறும் 'உதவி பண்ணுங்க'ன்னு வந்தா, யாராவது உள்ள மாட்டியிருக்கலாம், அடி பட்டிருக்கலாம். பூட்டை அப்புறம் பாக்கலாம், முதல்ல ஆள். உங்களுக்குக் காயம் ஏதாவது இருக்கா? புகை, தீ, மூச்சு முட்டல் ஏதாவது?"

"இல்ல."

"நல்லது. தனியா இருக்கீங்களா? கூட யாராவது இருக்காங்களா?"

வந்தது வினை, என்று நினைத்துக்கொண்டார். தனியாக இருக்கிறாயா என்று கேட்கிறவன் அடுத்து என்ன செய்வான் என்று அவருக்கா தெரியாது? பூட்டு விற்கிறவருக்குத் திருடனின் பால பாடம் தெரியும்.

"தனியா இல்ல. கூட நாலு பேர் இருக்காங்க. எல்லாம் மல்லன் மாதிரி," என்று எழுதினார். பயந்து ஓடட்டும்.

பதில் நிதானமாக வந்தது. "சரி. அந்த நாலு பேரால உங்களுக்கு ஆபத்து இருக்கா?"

இதற்குள் கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். "சார்? உள்ள இருக்கீங்களா?" தேன் தடவிய குரல்.

கைப்பிடியைத் திருகச் சொன்னால் போதும், ஆனால் தன் பூட்டிலேயே மாட்டிக்கொண்டவனிடம் யார் பூட்டு வாங்குவார்கள்? பூட்டுக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "வாங்க வாங்க. சரக்குக் கணக்கு ஓடிட்டிருக்கு, பாதியில விட்டா தப்பாயிடும். ஒரு பத்து நிமிஷம்."

"மெதுவா வாங்க சார். எனக்கு அவசரமே இல்ல. ஒரு வாய் தண்ணி கேக்கலாம்னு பாத்தேன், கடையில யாரையும் காணோமே?"

"வேலையாள் இன்னிக்கி லீவு. நான் ஒருத்தன்தான். ஓரத்துல குடம் இருக்கு, எடுத்துக்கங்க. சாம்பிள் எல்லாம் பாருங்க, கண்ணாடி அலமாரி திறந்துதான் இருக்கு."

என்ன பண்பு, என்று உள்ளுக்குள் உருகினார். இப்படியும் பொறுமையான மனிதர் உலகத்தில் இருக்கிறார். போன் மறுபடி அதிர்ந்தது.

"அவசரமில்லை, உங்களால முடிஞ்சப்ப சொல்லுங்க. நீங்க இருக்கிற இடத்தை விட்டு வெளிய வர முடியுமா?"

இதற்குப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உதவியும் வேண்டுமே. "முடியாது. கதவு பூட்டியிருக்கு."

"அந்த நாலு பேர்கிட்ட ஆயுதம் ஏதாவது இருக்கா?"

ஆகா, அளவெடுக்கிறான். இவனைச் சும்மா விடக்கூடாது. "இருக்கு. கடப்பாரை, சுத்தியல். ஒரு நாயும் இருக்கு. கடிக்கும்."

அனுப்பிய பிறகுதான் இரண்டு பதிலையும் சேர்த்துப் படித்தார். கதவு பூட்டியிருக்கிறது, ஆயுதத்தோடு நாலு பேர், வெளியே வர முடியாது. படிக்கும்போதே அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"புரியுது. நீங்க செஞ்சது சரி, எழுதினீங்க பாருங்க. போன் சத்தத்தைக் குறைச்சுக்கங்க. அவங்க பார்க்கிற மாதிரி எழுத வேண்டாம். உங்க நம்பருக்கு எங்ககிட்ட கடைத்தெரு முகவரி ஒண்ணு பதிவாகியிருக்கு. அங்கதான் இருக்கீங்களா?"

அவருக்கு வியர்த்துவிட்டது. முகவரி வரைக்கும் வைத்திருக்கிறார்கள். விற்பனையாளர் உரிமத்துக்காகத் தானேதான் கொடுத்தோம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"நீ யாரு? மெஷினா, ஆளா?"

"ஆள்தான் சார். உதவி மையத்துல உக்காந்திருக்கேன். என்னை நம்பணும்னு இல்ல. நீங்களே நேரா அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், அதுதான் இன்னும் வேகம். பேச முடியலைன்னா சொல்லுங்க, நாங்க சொல்றோம். சொல்லட்டுமா?"

நேராகக் கூப்பிடச் சொல்கிறானே, திருடன் அப்படிச் சொல்வானா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, அதுதான் சூழ்ச்சி, நம்ப வைக்கச் சொல்கிறான் என்று தெளிந்தார். சந்தேகத்தில் அவர் அரை வழியில் நிற்கிறவர் இல்லை.

வெளியே பெட்டி நகரும் ஓசை கேட்டது. "சார், இந்தப் பித்தளை ரகம் நல்லா இருக்கே. வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாக்கட்டுமா?"

"தாராளமா. கேக்கவே வேண்டாம்."

"மேல் தட்டுல இருக்கறதையும்?"

"உங்க கடை மாதிரி நினைச்சுக்கங்க."

பொருளைத் தொட்டுத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்தான் உண்மையான வாடிக்கையாளர். ஒவ்வொரு பெட்டி நகரும் சத்தத்துக்கும் மச்சினனின் நாற்காலி ஒரு முழம் தள்ளிப் போனது போலிருந்தது அவருக்கு. ஆர்டர் விழுந்த மாதிரிதான். பூட்டு மட்டும் கொஞ்சம் மனம் இரங்க வேண்டும்.

போனில் துருவும் ஆளை ஒரேயடியாக விரட்டிவிட்டு நிம்மதியாக எண்ணை யோசிக்கலாம் என்று போனை எடுத்தார். "இனிமே கேள்வி கேட்டா நடக்கிறதே வேற. அஞ்சாவது ஆள் இப்பதான் வந்தான். அவன் கையில" என்று எழுதி, அரிவாளா கத்தியா என்று யோசிக்கும்போதே விரல் பட்டு அது பறந்துவிட்டது. அடுத்த நொடி போன் உயிரை விட்டது.

இருட்டில் நின்றபடி கல்யாண நாளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மாமனார் வீட்டு எண்ணைப் போட்டார். பூட்டு பீப் அடித்தது. தன் சரக்கின் தரத்தை நினைத்துப் பெருமைப்படுவதா அழுவதா என்று அவருக்குப் புரியவில்லை. வெளியே ஓசையும் நின்றுவிட்டது. போய்விட்டாரோ? பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஒரு மனிதரை இத்தனை நேரமா காக்க வைப்பது? அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

திடீரென்று தெருவில் சைரன். பிரேக் பிடிக்கும் சத்தம், பூட்ஸ் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம். பிறகு கதவுக்கு மிக அருகில் கனத்த குரல்.

"உள்ள இருக்கறவங்க ஆயுதத்தைக் கீழ போடுங்க. அஞ்சு பேரும் கையைத் தூக்குங்க. நாயைக் கட்டுங்க."

பூட்டுக் கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். அஞ்சு பேருக்கும் சேர்த்து அவரே தூக்கினார்.

வெளியே யாரோ கைப்பிடியைச் சும்மா திருகினார்கள். கதவு திறந்தது. வெளிச்சத்தில் கவசம் போட்ட காவலர்கள், அவர்களுக்குப் பின்னால் கோடரியோடு தீயணைப்பு வீரர்கள். ஒரு பெண் காவலர் முன்னால் வந்தார்.

"அடி ஏதும் பட்டிருக்கா? நீங்க பத்திரமா இருக்கீங்களா?"

"நீங்களும் அதையே கேக்கறீங்களே," என்றார் அவர், கையை இறக்காமல்.

"எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க சார். மீதி அஞ்சு பேர் எங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லித்தான் ஆக வேண்டும். "யாரும் இல்லம்மா. உதவி மையம்னு சொல்லி எவனோ துப்பு கேக்கறான்னு நினைச்சுப் பயமுறுத்த எழுதினேன். பூட்டைத் திருப்பி மாட்டிட்டேன், அவ்வளவுதான்."

"நாய்?"

"நாயும் இல்ல."

ஒரு தீயணைப்பு வீரர் கோடரியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. பெண் காவலர் சிரிக்கவில்லை. "உதவி மையத்துப் பொண்ணு இன்னும் எங்க லைன்லதான் இருக்கு. நீங்க திடீர்னு பதில் போடலைன்னதும் எங்களுக்குத் தகவல் சொல்லிட்டு, நாங்க வந்து சேர்ற வரைக்கும் போனை வைக்கவே இல்ல. நீங்க நல்லா இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

அவருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண் கேட்டது அத்தனையும் கேட்க வேண்டியதைத்தான். "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. மன்னிக்கச் சொல்லுங்க," என்றார். பிறகு மனதை அரித்தது வாய்க்கு வந்துவிட்டது. "ஆனா என் ஆர்டர் போச்சும்மா. வெளிய ஒரு பெரிய மனுஷர் எனக்காக எவ்வளவு பொறுமையா காத்திட்டிருந்தாரு தெரியுமா. இத்தனை போலீஸைப் பாத்துட்டு இனிமே இந்தக் கடைப் பக்கம் வருவாரா? போயிருப்பாரு."

பெண் காவலர் காலியாகக் கிடந்த கண்ணாடி அலமாரியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க சார் போவாரு, எங்க ஜீப்புக்குள்ளதான் இருக்காரு. உங்க பூட்டெல்லாம் அவர் வேன்ல இருக்கு, வந்து எண்ணி எடுத்துக்கங்க."